யாரும் வாங்காத மீனுக்கு வந்த பணம்

என் வேலை என்ன என்று சொந்தக்காரர்கள் கேட்டால் நான் கடை பார்க்கிறேன் என்பேன். எங்கே கடை என்பார்கள். போனில் என்பேன். அதற்கு மேல் கேட்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை, எனக்கும் சொல்லப் பொறுமை இல்லை. உண்மையில் அது கடை பார்க்கும் வேலைதான். பணப் பரிமாற்ற நிறுவனங்களிடம் "நாங்கள் சேலை விற்கிறோம், பொம்மை விற்கிறோம், எங்களுக்கும் பணம் வாங்கும் வசதி கொடுங்கள்" என்று வந்து நிற்கும் இணையதளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே நிஜமாகவே சேலை இருக்கிறதா, அல்லது சேலைப் படத்துக்குப் பின்னால் சூதாட்டம் ஓடுகிறதா என்று சொல்ல வேண்டும். தாம்பரத்தில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். நான் அங்கே மூத்தவள். புளுகு எந்த மூலையில் ஒளியும் என்று எனக்குத் தெரியும். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்க விருப்பமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் எந்தக் கடையையும் சோதிப்பதில்லை. ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கோவளம் போவேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே மீன் கிடைக்கும்போது இவ்வளவு தூரம் எதற்கு என்று என் கணவர் இன்றும் கேட்கிறார். கிடைக்கும்தான். ஆனால் அந்த மீன் என்றைக்குச் செத்தது என்று அதற்கே நினைவிருக்காது. கோவளத்தில் ஓர் அக்கா இருக்கிறார். கரையில் ஏலம் எடுத்து, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் கூடை வைத்து விற்பவர். வருஷக்கணக்காக அவரிடம்தான் வாங்குகிறேன். நான் ஏமாறாமல் மீன் வாங்குவது அவர் ஒருவரிடம்தான், ஏனென்றால் அவர் ஏமாற்றுவதில்லை.

அவர் கூடைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி உண்டு. க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் போட்டால் "இவ்வளவு ரூபாய் பெறப்பட்டது" என்று தமிழில் கூவும். அக்காவுக்கு போனில் ஆங்கிலத்தில் வரும் எழுத்தைப் படிக்கச் சலிப்பு. பெட்டி கூவினால் போதும், மீனை எடுத்துக் கொடுத்துவிடுவார். யார் போட்டது, எந்தப் பேரில் வந்தது என்றெல்லாம் பார்ப்பதில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? கோவளம் பார்க்க வருகிறவர்கள், பஸ்ஸில் போகிறவர்கள் என்று முன்பின் தெரியாத ஊரெல்லாம் அவர் கணக்கில் பணம் போடுகிறது. தெரியாத பேர் வருவதுதான் அவருக்கு வியாபாரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சங்கரா மீன் எடை போட்டு வாங்கிக்கொண்டிருந்தேன். வேறு ஆள் இல்லை. பெட்டி கூவியது, ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது. நான் இன்னும் போனையே எடுக்கவில்லை. அக்கா தலை நிமிரவில்லை, மீனின் செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். மீனை ஆய ஆரம்பித்தபோது மறுபடி ஐந்நூறு. கொஞ்ச நேரத்தில் ஆயிரம்.

மீன் வாங்கியவர்கள் முழு எண்ணில் பணம் போட மாட்டார்கள். முன்னூற்று எழுபது, இருநூற்றுப் பத்து, இப்படித்தான் வரும். ஐந்நூறு, ஆயிரம் என்று மொட்டையாக வருவதை நான் தினமும் அலுவலகத்தில் பார்க்கிறேன். அது விளையாடக் கட்டும் பணத்தின் நடை.

யார் அக்கா பணம் போடுறது என்று கேட்டேன். அவர் பெருமையாகச் சிரித்தார். "அது என் தம்பி ஜெயிச்ச துட்டும்மா. ரம்மி ஆப்புல ஆட்றான். அவனுக்கு வர்றதெல்லாம் என் கணக்குல வந்துகினு கீது."

அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். நாலு பேர் போகும் ஃபைபர் படகில் ஒருவர். நாற்பதை ஒட்டிய வயது, அக்காவைவிட வாய் அதிகம், மனசும் அப்படியே. அன்று கடலுக்குப் போய்த் திரும்பி, பின்னால் வேப்பமரத்து நிழலில் போனோடு உட்கார்ந்திருந்தார். மீனை ஐஸில் வைக்கச் சொல்லிவிட்டு அவரிடம் போனேன். என் ஞாயிற்றுக்கிழமைக் கொள்கை அதோடு போனது.

அவர் சந்தோஷமாகவே காட்டினார். ஊர் முழுக்கத் தெரிந்த ஒரு ரம்மி செயலியின் அதே நிறம், அதே சின்னம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசு சட்டம் போட்டு நிறுத்தியபோது அந்த நிஜச் செயலி பண ஆட்டத்தை மூடிவிட்டது. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து இவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வந்திருக்கிறது. பழைய ஆப் புது முகவரிக்கு மாறிவிட்டது, இங்கே இறக்கிக்கொள்ளுங்கள் என்று. இவர் இறக்கினார். தெரியாத இடத்திலிருந்து வரும் செயலி, ஆபத்து என்று போன் தடுத்திருக்கிறது. சரி சரி என்று அதையும் அனுமதித்திருக்கிறார். உங்கள் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கட்டுமா என்று செயலி கேட்டதற்கும் சரி. சீட்டாட்டத்துக்கு எஸ்எம்எஸ் எதற்கு என்று கேட்டேன். ஓடிபி தானா எடுத்துக்கும் மேடம், ஈஸி என்றார். எனக்குக் கோபம் மூக்கு நுனிவரை வந்துவிட்டது, ஆனால் கத்தினால் அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

பணம் எடுக்கிற விஷயத்தைக் கேட்டேன். கடை வைத்திருப்பவர்களின் ஸ்கேனர் அட்டையைக் கொடுத்தால் ஜெயித்த பணம் சீக்கிரம் வரும் என்று செயலி சொல்லியிருக்கிறது. இவர் அக்காவின் அட்டையைப் படமெடுத்து ஏற்றிவிட்டார். பணம் வந்தது. ஒரே தவணையாக அல்ல, துண்டு துண்டாக, ஆள் ஆளின் பேரில். சில நாள் ஜெயித்ததைவிட அதிகமாக வரும். உடனே டெலிகிராமில் ஒரு ஏஜென்ட் வந்து, வேறு ஆட்டக்காரர் பணம் மாறி வந்துவிட்டது, இந்த யுபிஐ ஐடிக்கு அனுப்பிவிடுங்கள் என்பான். முப்பது சதவீதம் வரி என்று இன்னொரு ஐடி கொடுப்பான். இவர் அக்காவின் போனை வாங்கி, நாணயமாக, ஒரு ரூபாய் குறையாமல் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

எல்லாம் புரிந்துவிட்டது. ஏமாந்தவர்களில் இவர் ஒரு தனி ரகம். பணம் போகவில்லை, வந்துகொண்டிருந்தது. அதனால்தான் அது மோசம்.

இது போலி என்றேன். அவருக்கு முகம் சுருங்கியது. "போலின்னா துட்டு போவும் மேடம். எனக்கு வருது. லைசென்ஸ்கூட கீது, பாருங்க."

காட்டினார். பக்கத்தின் அடியில் எங்கோ ஒரு தீவு நாட்டின் முத்திரை, கீழே எண். விரலால் தொட்டதும் பச்சை டிக்கோடு "செல்லும்" என்று ஒரு பக்கம் திறந்தது. அவர் வெற்றிப் பார்வை பார்த்தார். எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். அவன் காட்டும் கதவு வழியே போய் அவன் வீட்டுப் பட்டாவைச் சரிபார்க்கக் கூடாது. பச்சை டிக் பக்கத்தின் முகவரியைக் காட்டினேன். அந்தத் தீவின் அரசு முகவரி அல்ல, இதே தளத்தின் முகவரிதான். பிறகு என் போனில் அந்த உரிம ஆணையத்தின் முகவரியை நானே தட்டி, அதே எண்ணைத் தேடினேன். எண் நிஜம்தான். ஆனால் அது வேறு ஒரு நிறுவனத்துடையது, அதற்கு அனுமதித்த இணையதளமும் வேறு. யாரோ ஒருவரின் வண்டி நம்பரை எழுதி இவன் தன் வண்டியில் ஒட்டியிருக்கிறான்.

நிஜமாகவே அந்தத் தீவு உரிமம் கொடுத்திருந்தாலும் இங்கே செல்லாது என்றும் சொன்னேன். பணம் வைத்து ஆட இந்தியாவில் இப்போது யாராலும் உரிமம் தர முடியாது. ஆகவே உரிமம் உண்டு என்று சொல்வதே பொய்க்கு முதல் சாட்சி.

அடுத்து அந்த வாட்ஸ்அப் லிங்க். முன்னால் நிஜ நிறுவனத்தின் பேர் பளிச்சென்று இருந்தது. இணைய முகவரியில் முன்னால் யார் பேரை வேண்டுமானாலும் அலங்காரமாக வைக்கலாம், சொந்தக்காரன் வாலில்தான் இருப்பான். வாலில் இருந்தது யாரும் கேள்விப்படாத ஒரு பேர். அது எப்போது பதிவானது என்று பொதுப் பதிவேட்டில் தேடினேன். போன மாதம். நீங்கள் எத்தனை வருஷமாக இந்த ஆப்பில் ஆடுகிறீர்கள் என்று கேட்டேன். மூணு வருஷமா என்றார். இந்த முகவரி போன மாதம்தான் பிறந்தது என்றேன். கடைசியாக நிஜ நிறுவனத்தின் தளத்தைத் திறந்தேன். பண ஆட்டத்தை நிறுத்திவிட்டோம், வேறு எந்த முகவரியும் எங்களுடையது அல்ல என்று முகப்பிலேயே எழுதியிருந்தார்கள்.

வரி விஷயத்தையும் விடவில்லை. நிஜமாகவே பரிசுக்கு வரி இருந்தால் கொடுக்கிறவன் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தருவான், அரசாங்கத்துக்குக் கட்டுவதும் அவன்தான். ஜெயித்தவரிடம் "வரியை இந்தத் தனி ஆளின் ஐடிக்கு அனுப்பு" என்று எந்த அரசாங்கமும் கேட்காது.

நான் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொன்னேன். அவர் தலையைக்கூட ஆட்டினார். ஆனால் நம்பவில்லை. கையில் பணம் வந்தவனுக்கு என் முகவரியும் வாலும் எதற்கு? லைசென்ஸ் டூப்பாவே இருக்கட்டும் மேடம், துட்டு டூப்பு இல்லையே என்றார். அந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுமாறினேன் என்பதுதான் உண்மை. அலுவலகத்தில் இவ்வளவு சொன்னால் போதும், தளத்தை மூடிவிடுவார்கள்.

அக்கா கத்தியைக் கழுவிவிட்டு வந்து நின்றார். அவரிடம் கேட்டு, அவர் போனிலேயே வரவுப் பட்டியலைத் திறந்தேன். மொட்டை மொட்டையாக ஐந்நூறும் ஆயிரமும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அனுப்பியவர் பேர், அதன் கீழே குறிப்பு என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை, மீன். பணம் கட்டுகிறவர்களிடம் அப்படி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கணக்கு மீன் விற்பவருடையது என்று தெரிந்து, வங்கியின் கண்ணுக்கு வியாபாரமாகத் தெரியட்டும் என்று. அந்த அயோக்கியத்தனத்தின் சாமர்த்தியத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அக்கா, இவங்க யாரும் உங்ககிட்ட மீன் வாங்கல" என்றேன். "இவங்களும் அந்த ஆப்ல பணம் கட்டினவங்க. அவங்க கட்டினது உங்க தம்பிக்கு ஜெயிச்ச பணம்னு வருது. இவங்கள்ல ஒருத்தர் போலீஸ்ல புகார் கொடுத்தா, கணக்கு யார் பேர்ல இருக்குன்னுதான் பார்ப்பாங்க. உங்க பேர்ல இருக்கு."

அக்கா குனிந்து பட்டியலைப் பார்த்தார். ஏலத்துக்கு அவர் பணம் கட்டுவது அந்தக் கணக்கிலிருந்துதான். மகளிர் குழுக் கடன் வருவதும் அதில்தான். கரையில் அவருக்குக் கடனாக மீன் கொடுப்பவர்கள் உண்டு, பேர் கெட்டால் அதுவும் போகும்.

தம்பி போனை வாங்கினார். என் பேச்சை மறுக்கத்தான் வாங்கினார் என்று நினைக்கிறேன். பேர்களை மேலே தள்ளிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார். மறுபடி கீழே வந்தார். மறுபடி மேலே. அந்தப் பேர் ஒருமுறை இல்லை, பல முறை இருந்தது.

அது அவர் படகில் உடன் போகும் கூட்டாளியின் பேர். ஆளைச் சேர்த்துவிட்டால் போனஸ் என்று செயலி சொன்னதால், அவருக்கு அந்த லிங்கை அனுப்பியதே இவர்தான்.

கோவளத்தில் படகுக்காரர்கள் பங்கு பிரிக்கும் விதத்தை நான் பார்த்திருக்கிறேன். மீன் விற்று, டீசல் செலவு கழித்து, படகுக்கு என்று ஒரு பங்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தை மணலில் உட்கார்ந்து எல்லார் கண் முன்னாலும் பிரிப்பார்கள். ஒருவர் வரவில்லை என்றால் அவர் வரும்வரை பிரிக்க மாட்டார்கள். அப்படிப் பிரித்து வாங்கிக்கொண்டு போன பங்கு, அதே வாரம் செயலி வழியாகச் சுற்றி இவர் அக்காவின் பெட்டியில் வந்து கூவியிருக்கிறது. இவர் அதை வெற்றி என்று கொண்டாடியிருக்கிறார்.

"நா தோத்துகினே கீறேன் மச்சான்னு போன வாரம் சொன்னான் மேடம்" என்றார். "ஒனக்கு ஆடத் தெர்ல, என்னப் பாருன்னு கிண்டல் பண்ணேன்."

என் உரிமப் பரிசோதனை சாதிக்காததை அந்த ஒரு பேர் சாதித்தது. அந்த நிமிஷம் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் எல்லாம் போய்விட்டது.

கூட்டாளி தூரத்தில் இல்லை, படகடியில் என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் எண்ணெய்க் கையோடு வந்தார். தம்பி சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். கூட்டாளி பட்டியலைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். கடைசியாகக் கட்டியது பணத்தை வெளியே எடுக்க வரி என்று ஏஜென்ட் கேட்டதால்தான், அதைக் கட்டினால் எல்லாம் திரும்ப வரும் என்றான் என்று மெதுவாகச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எல்லோருக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

தம்பி ஒரு வழி சொன்னார். கூட்டாளி போட்டதை இங்கேயே எண்ணிக் கொடுத்துவிடலாம், செயலியை அழித்துவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. வேண்டாம் என்றேன். இவர் ஒருவர் பணத்தைக் கொடுத்துவிட்டால் பட்டியலில் இருக்கும் மற்றவர்கள் என்ன ஆவார்கள்? அதில் யாரோ ஒருவர் புகார் கொடுக்கத்தான் போகிறார். அப்போது செயலியும் இருக்காது, டெலிகிராமில் பேசியதும் இருக்காது, அக்காவின் கணக்கு மட்டும் இருக்கும். அழிக்கக் கூடாது. எல்லாவற்றையும் படமெடுத்து வைக்க வேண்டும். ஒரு பைசாகூட இனி எந்த ஐடிக்கும் அனுப்பக் கூடாது. கூட்டாளி இன்றே சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதிய வேண்டும். அதே நேரத்தில் அக்காவும் தன் கணக்கு இப்படிப் பயன்பட்டிருக்கிறது என்று தானாகச் சொல்ல வேண்டும், நாளை வங்கிக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு முன் சொன்னவருக்கும் பிடிபட்ட பின் சொன்னவருக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். புகார் பதிந்தால் வங்கி அக்காவின் கணக்கைக் கொஞ்ச நாள் முடக்கிவைக்கக்கூடும்.

கூட்டாளி உடனே பின்வாங்கினார். அக்கா பேரில் நான் எப்படிப் புகார் எழுதுவேன், என் பணம் போனால் போகட்டும் என்றார். தம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். இரண்டு ஆண்களும் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காதான் பேசினார். "எழ்துடா. என் பேரு கீற எடத்துல என் பேரயே எழ்து. ஊரான் துட்டு என் பொட்டில வந்து கத்திகினு கீது, நா மீன வித்துகினு கீறேன். இதுக்கு மேல இன்னா பேரு கெடணும்?"

பதிந்தோம். கூட்டாளி ஒரு போனில், அக்கா இன்னொரு போனில், நான் நடுவில். தம்பி தன் செயலியிலும் டெலிகிராமிலும் இருந்ததை ஒவ்வொன்றாகப் படமெடுத்தார், பிறகு அந்தச் செயலிக்குக் கொடுத்திருந்த எஸ்எம்எஸ் அனுமதியை நான் பிடுங்கினேன். தம்பி, கூட்டாளி இருவரின் சிம்மையும் வேறு போனில் போட்டு யுபிஐ ரகசிய எண்ணை மாற்றவைத்தேன். அக்கா பெட்டியின் ஒயரைத் தானே பிடுங்கி, அட்டையைக் கவிழ்த்து வைத்தார். என் சங்கரா ஐஸில் கிடந்தே நேரம் போய்விட்டது. மதியம் வீட்டில் ரசமும் அப்பளமும்தான்.

திங்கட்கிழமை அக்கா வங்கிக்குப் போய் எழுதிக் கொடுத்து, கையெழுத்தோடு நகல் வாங்கி வந்தார். இரண்டு நாளில் கணக்கு நின்றுவிட்டது. சந்தேகப் பணம் மட்டும் நிற்கும், மிச்சம் ஓடும் என்று நான் நம்பியிருந்தேன். மொத்தமும் நின்றது. அக்காதான் போனில் கூப்பிட்டுச் சொன்னார். ஏலத்துக்குப் பணம் இல்லாமல் அவர் என்ன செய்வார் என்று அந்த வாரம் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தேன். அவர் தானாக வந்து சொன்னது கோப்பில் இருந்ததால் பிறகு கணக்கைத் திறந்துவிட்டார்கள், சந்தேகத் தொகையை மட்டும் தனியாகப் பிடித்துவைத்தார்கள். நான் சொன்ன வழி சரியானது என்று இன்றும் சொல்வேன். ஆனால் கணக்கு திறந்தது பிற்பாடு.

கணக்கு நின்ற பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, காலிக் கூடையைத்தான் பார்க்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே கோவளம் போனேன். ரொக்கமாகப் பையில் எடுத்துப் போயிருந்தேன். எதற்கு என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை, அவரிடம் நீட்டினால் வாங்கவும் மாட்டார்.

கூடை நிறைய மீன் இருந்தது. காரப்பொடி, சங்கரா, மேலே பெரிதாக ஒரு வஞ்சிரம். பெட்டி இல்லாமல் அக்கா தொண்டையைத் திறந்து கூவிக்கொண்டிருந்தார். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து செதில் சீவிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். ஏலத்துக்குப் பணம் எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

"ஏலமே எடுக்கலம்மா. யாரு என் பேர்ல கம்ப்ளெயிண்ட் எழ்தனானோ, அவன் பங்கு மீனு இது. தெனமும் கரைல எறங்குனதும் தம் பங்க துட்டா வாங்காம மீனாவே எடுத்தாந்து என் கூடைல கொட்டிட்டுப் போறான். வித்துட்டு அப்பால குடுங்கக்கான்றான்."

நான் விலை குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினேன். அவர் ஒரு ரூபாய் குறைக்கவில்லை.